3,500 ரூபாய்க்கு அவர் செய்து தருவதாகச் சொல்லும் வேலை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். இன்ஸ்டா ஐடியை ஹேக் பண்ணி மெயிலையும் மாத்திட்டாங்க. 3,500 ரூபாய் கொடுத்தா ஒரே நாளில் மீட்டுத் தர்றேன்னு ஒருத்தர் வாட்ஸ்அப்பில் சொல்றார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மற்றதை அப்புறம் படிக்கலாம், முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மீட்கிற மெயில் எந்த ஐடிக்கு வரும்?" இன்ஸ்டாவில் வெளியாள் நுழைவதற்கென்று தனி வாசல் கிடையாது. கணக்கை மீட்க இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா நிறுவனம் காசு வாங்குவதும் இல்லை. பழைய மெயில், பழைய நம்பர், இன்ஸ்டா பக்கத்துப் படங்களில் இருக்கும் உங்கள் முகம் என்று எதையாவது வைத்து நீங்கள்தான் சொந்தக்காரர் என்று காட்ட வேண்டும். இவை எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. "என் மெயிலுக்கு வரும், நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னால், பக்கம் மீண்டாலும் அவர் கைக்குத்தான் போகும்.

இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பதும் தெரிந்ததுதான். முதலில் யூசர்நேமும் போன் நம்பரும் கேட்பார். காசு போனதும் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வரும். அப்படி ஒன்றைத் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்து "ஹேக்கர் டூ ஃபேக்டர் போட்டிருக்கான், பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேட்கும், அதை உடைக்க இன்னொரு தொகை, வேலை முடிஞ்சதும் திருப்பித் தர்றேன்" என்பார். ஏற்கெனவே கொடுத்தது வீணாகிவிடுமே என்ற பயம்தான் இரண்டாவது தொகையைக் கொடுக்க வைக்கிறது. நடுவில் "உங்க நம்பருக்கு ஆறு இலக்க கோடு வரும், அனுப்புங்க" என்றால் இன்னும் மோசம். அது உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கிற கோடாக இருக்கலாம். அனுப்பினால் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற நம்பரும் போய்விடும்.

"என் மச்சான் காசு கொடுத்துத்தான் திரும்ப வாங்கினான்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. சிலர் காசு வாங்கிக்கொண்டு இன்ஸ்டாவின் இலவச மீட்புப் படிவத்தைத்தான் உங்களுக்காக நிரப்புகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை நீங்களே தட்டி, உங்கள் மெயிலையே கொடுத்து நிரப்பச் சொன்னால் அது டைப்பிங் வேலை. ஐம்பது நூறு கொடுத்தால் தப்பில்லை. இன்னொரு விதமும் உண்டு. கணக்கு மீட்புக்கான உள் கருவியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக மெட்டா தன் ஊழியர்கள், ஒப்பந்த ஆட்கள் என இருபது பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது அல்லது நடவடிக்கை எடுத்தது என்று 2022 நவம்பரில் செய்தி வந்தது. சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்ததாகவும் அதில் இருந்தது. அந்த வழியில் போனால் உங்கள் பக்கத்தையே வேறொருவன் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி நீங்களே செய்ய வேண்டியது. இன்ஸ்டாவைத் தொடும் முன் ஜிமெயிலைப் பூட்டுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத போன்களை வெளியேற்றி, செட்டிங்ஸில் ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும் பாருங்கள். மெயிலுக்குள்ளும் புகுந்தவன், இன்ஸ்டாவிலிருந்து வருகிற மெயில்கள் தானாக அழியும்படி ஃபில்டர் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதை எடுக்காமல் எத்தனை முறை முயன்றாலும் "மெயிலே வரலை" என்றுதான் நிற்பீர்கள்.

பிறகு security@mail.instagram.com அனுப்பிய மெயிலைத் தேடுங்கள். ஸ்பாம், ட்ராஷ் இரண்டிலும் பாருங்கள். உங்கள் மெயில் ஐடி மாற்றப்பட்டது என்று சொல்கிற அந்த மெயிலிலேயே, மாற்றியது நான் இல்லை என்று சொல்லித் திருப்பிக்கொள்ள ஒரு லிங்க் இருக்கும். அது வேலை செய்தால் வேலை அங்கேயே முடிந்தது.

இல்லையென்றால் instagram.com/hacked போய் My account was hacked என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக இன்ஸ்டா திறக்கும் அதே போனில், அதே வீட்டில் இருந்து செய்யுங்கள். பழகின போன் என்றால் அது உங்களுக்குச் சாதகம். ஹேக்கர் யூசர்நேமையும் மாற்றியிருந்தால், உங்களிடம் சாட் செய்த வாடிக்கையாளர் யாராவது அந்த பழைய சாட்டைத் திறக்கட்டும், மேலே புதுப் பெயர் தெரியும். அதைத்தான் படிவத்தில் கொடுக்க வேண்டும்.

உங்கள் மாதிரி சேலைப் பக்கங்கள் சிக்குவது அடுத்த இடத்தில். உங்கள் முகம் உள்ள படம் பக்கத்தில் உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் செல்ஃபி வீடியோ எடுக்கச் சொல்லும், தலையை அது சொல்லும் பக்கமெல்லாம் திருப்ப வேண்டும். நீங்களே கட்டிக் காட்டிய ரீல்ஸ் ஒன்றிரண்டு இருந்தால் "உண்டு" என்றே போங்கள். பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள். நிராகரித்தால் திரும்ப அனுப்பலாம். வெறும் சேலைப் படங்கள் மட்டும்தான் என்றால், கணக்கு தொடங்கிய மெயில், நம்பர், எந்த வகை போனில் தொடங்கினீர்கள் என்று கேட்கும். இது நீளும், ஒரே நாளில் முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ஹேக்கர் வைத்த டூ ஃபேக்டர் கோடு கேட்டால் பயப்படாமல் Try another way போய் உதவி கேளுங்கள், அதற்கும் இதே மாதிரி சோதனைதான்.

இங்கே ஒரு ஆத்திரத்தையும் கொட்டிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், எந்த பஸ் ஸ்டாண்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். புது போன் வாங்கினால் கடைப் பையனே ஒரு ஜிமெயிலை உருவாக்கி, தன் வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். வாங்குகிறவருக்குத் தன் மெயில் ஐடியே தெரியாது. இன்ஸ்டா போன நாளில்தான் அது தேவைப்படும், அன்றைக்குப் பையன் வேறு கடைக்குப் போயிருப்பான். அக்கா, உங்கள் மெயிலும் அப்படி வந்ததா என்று இப்போதே பாருங்கள்.

படிவமெல்லாம் போட்டும் ஒன்றும் நகரவில்லை என்றால், இன்ஸ்டாவின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அந்தப் பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். மத்திய அரசு 2023-இல் அமைத்த குழு அது, கட்டணம் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்க எந்த "எக்ஸ்பர்ட்"டுக்கும் மனசு வராது.

பணம் கொடுத்துவிட்டவர்கள் 1930-இல் பேசும்போது யூபிஐ செயலியில் தெரியும் 12 இலக்க பரிவர்த்தனை எண், போன தொகை, போன நேரம், அவருடைய யூபிஐ ஐடி நான்கையும் கையில் வைத்திருங்கள். பணம் அவர் கணக்கை விட்டு நகரும் முன் சொன்னால்தான் முடக்க முடியும், அதனால் வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் செய்யலாம் என்று விடாதீர்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். வாட்ஸ்அப் சாட்டை அழிக்க வேண்டாம். பணம் போகவே இல்லை என்றாலும் புகார் கொடுப்பது நல்லது: உங்கள் பக்கத்தை வைத்து அவன் யாரிடமாவது சேலைக்கு அட்வான்ஸ் வாங்கினால், அன்று அந்தக் கணக்கு உங்கள் கையில் இல்லை என்று காட்ட அந்தப் புகார் எண் வேண்டும். புகார் கொடுத்த பிறகு "சைபர் செல்லில் இருந்து பேசறேன், போன பணத்தை எடுத்துத் தர்றேன், பிராசஸிங் ஃபீஸ் கட்டுங்க" என்று போன் வந்தால் கட்டாதீர்கள், 1930 யாரிடமும் ஃபீஸ் கேட்பதில்லை.