ஒத்தி வீடு, அடகு நகை, ஜாமீன்: ஃபிக்ஹ் கேள்வி பதில்

கேள்வி (மேலப்பாளையம்): அஞ்சு லட்சம் கொடுத்து மூணு வருஷ ஒத்திக்கு வீடு எடுத்து 14 மாசமா இருக்கோம். வாடகை கிடையாது, முடிவில் அஞ்சு லட்சமும் திரும்ப வந்துடும். ரெண்டு பேருக்கும் சம்மதம்தான். இதில் வட்டி எங்கே வந்தது ஹஜ்ரத்?

வ அலைக்குமுஸ் ஸலாம். கொடுத்த தொகை அப்படியே திரும்ப வரவேண்டும் என்றால், பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது கடன். வீடு அதற்கு ஈடாக நிற்கும் அடமானம். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்கு 8,000 வாடகை என்று வையுங்கள். 36 மாதத்துக்கு 2,88,000. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் எதற்காக விட்டுக்கொடுக்கிறார்? நீங்கள் கடன் கொடுத்ததற்காக. ஐந்து லட்சம் கொடுத்து, ஐந்து லட்சத்தோடு 2,88,000 பெறுமானமுள்ள குடியிருப்பையும் வாங்குகிறீர்கள்.

கடனோடு நிபந்தனையாக வரும் எந்த ஆதாயமும் ரிபா என்பதில் நான்கு மத்ஹபுக்கும் வேறுபாடு இல்லை. இதற்கு ஆதாரமாகப் பலர் சொல்லும் “ஆதாயம் இழுக்கும் கடன் எல்லாம் ரிபா” என்ற வாசகம் நபிமொழியாகப் பலமான சங்கிலியில் வரவில்லை. ஆனால் அதன் கருத்தை இமாம்கள் ஏற்றார்கள். உனக்குக் கடன்பட்டவன் ஒரு சுமை வைக்கோல் கொடுத்தாலும் வாங்காதே, அது ரிபா என்று அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) சொன்னது புகாரியில் உள்ளது. சம்மதம் இதைச் சரிசெய்யாது. வட்டிக்கு வாங்குபவரும் சம்மதித்துத்தான் வாங்குகிறார்.

ஷாஃபி மத்ஹபில் இன்னொரு விளைவும் உண்டு, கடன் கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இமாம் நவவியின் மின்ஹாஜில், அடமானப் பொருளின் பலன் கடன் கொடுத்தவருக்கு என்று நிபந்தனை போட்டால் நிபந்தனை செல்லாது, வலுவான கருத்தின்படி அடமானமே செல்லாது. வீட்டுக்காரர் நொடித்துப்போனாலோ மவ்த்தாகிவிட்டாலோ, அடமானம் பிடித்தவருக்குத்தான் அந்தப் பொருளில் முதல் உரிமை. அடமானம் செல்லாவிட்டால் மற்ற கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்பீர்கள். பணத்துக்குப் பாதுகாப்பு என்று வீட்டைப் பிடித்தவர், அதில் குடியிருக்க ஆசைப்பட்டதால் அந்தப் பாதுகாப்பையே இழக்கிறார்.

கேள்வி (அதே சகோதரர்): இப்போ பாதியில் நிக்குது. இதை எப்படிச் சரிபண்றது?

கழிந்த 14 மாதத்தை நடப்பு வாடகைக்குக் கணக்கிட்டால் 1,12,000. அதை அசலில் கழியுங்கள், வரவேண்டியது 3,88,000. அதைத் தவணை தேதியோடு கடன் பத்திரமாக எழுதி, வீட்டை வெறும் ஈடாக வையுங்கள். தொடர்ந்து குடியிருக்க வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் தனிக் காகிதத்தில், ஊர் வாடகைக்கே இருக்கட்டும். “கடன் இருப்பதால் 3,000 போதும்” என்றால் மாதம் 5,000 ஆதாயம் பின்வாசலில் வந்துவிடும். ஒரு சோதனை: நாளைக்கே கடன் அடைந்துவிட்டால் வாடகை ஏறுமா? ஏறும் என்றால் இரண்டு ஒப்பந்தமும் பிரியவில்லை.

புதிதாகச் செய்பவர்களுக்கு எளிய வழி முன்பண வாடகை. மூன்று வருஷ வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், அது திரும்ப வராது. இடையில் காலி செய்தால் மீதி மாதங்களுக்கானது மட்டும் திரும்பும்.

கேள்வி (கீழக்கரை): அடமானம் வைத்த பிராணியில் சவாரி செய்யலாம், பாலைக் குடிக்கலாம் என்று ஸஹீஹான ஹதீஸே இருக்கிறது. அப்போ வீட்டிலும் குடியிருக்கலாம்தானே?

ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. “செலவுக்குப் பகரமாக” என்ற வார்த்தையையும் சேர்த்துப் படியுங்கள். ஹன்பலி மத்ஹப் இதை நேராக எடுத்து, தீனி போடுபவர் தீனிச் செலவின் அளவுக்குப் பால் எடுக்கலாம் என்கிறது. தீனி 100 ரூபாய், பால் 160 ரூபாய் என்றால் மிச்சம் 60 உரிமையாளருக்கு. மாட்டைப் பட்டினி போட முடியாது, கறக்காமலும் விட முடியாது என்பதால் வந்த சலுகை இது. வீட்டைப் பூட்டி வைத்தாலும் அது தாங்கும், அதனால் ஹன்பலி நூல்களே வீட்டை இதில் சேர்க்கவில்லை. ஷாஃபி இமாம்களோ அந்தச் சவாரியும் பாலும் உரிமையாளருக்கு உரியவை என்றே விளங்கினார்கள்.

கேள்வி (அக்குறணை): 60,000க்கு ஈடு வாங்கின நகை என் வீட்டில் களவு போயிற்று. நகையின் பெறுமதி 80,000. நான் கவனமாகத்தான் பூட்டி வைத்திருந்தேன். அவர் கடனைத் தரமாட்டேன் என்கிறார்.

மத்ஹபைப் பொறுத்து பதில் மாறும். ஷாஃபியில் ஈடு உங்கள் கையில் அமானிதம். அலட்சியம் இல்லையென்றால் நீங்கள் ஈடுகட்ட வேண்டியதில்லை, 60,000 கடன் முழுதாக நிற்கும். ஹனஃபியில் பொருள் அழிந்தால் அதன் மதிப்பு, கடன் இரண்டில் குறைந்த அளவுக்குக் கடன் கழியும். உங்கள் கணக்கில் கடன் முழுதும் தீர்ந்தது, மேலதிகமான 20,000 அமானிதம், அதை நீங்கள் கொடுக்க வேண்டாம். நகை 40,000 பெறுமதியாக இருந்திருந்தால் 20,000 கடன் மிஞ்சும்.

ஆனால் அதை ஒரு கல்யாணத்துக்காவது அனுமதி இல்லாமல் போட்டிருந்தால் அமானிதம் முறிந்துவிடும், பிறகு பொறுப்பு உங்கள் மேல். இதை மறைக்காமல் உங்கள் ஊர் ஆலிமிடம் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): மச்சான் வாங்கின ஒரு லட்சத்துக்கு ஜாமீன் நின்னேன். அவர் சவூதி போயிட்டார், கொடுத்தவர் என் கடைக்கு வர்றார். முதலில் மச்சானைத்தானே பிடிக்கணும்? அடமானம் எதுவும் இல்லை.

ஷாஃபி, ஹனஃபி இரண்டிலும் கொடுத்தவர் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். மாலிக் இமாமின் ஒரு கருத்து, வசதியான கடன்காரர் கைக்கு எட்டும்போது ஜாமீனைத் தொடக்கூடாது என்பது. உங்கள் மச்சான் கைக்கு எட்டுகிறாரா என்பது பேசவேண்டிய விஷயம்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், கட்டியதைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் கேட்காமல் நீங்களாகப் போய் நின்றிருந்தால் ஷாஃபியில் அது உபகாரம், திருப்பிக் கேட்க முடியாது. கொடுத்தவரிடம் பேசி 80,000க்கு முடித்தால் மச்சானிடம் 80,000தான் கேட்கலாம். ஜாமீனுக்கு இரண்டாயிரம் கமிஷன் வாங்குவதும் இதே காரணத்தால் கூடாது. நீங்கள் கட்டிய நாளில் மச்சானுக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறீர்கள், அந்தக் கமிஷன் கடன்மேல் வந்த ஆதாயமாகிவிடும்.

கேள்வி (வேலூர்): ஹனஃபி நூல்களில் பைஉல் வஃபா ஜாயிஸ் என்றுதானே பிற்கால உலமாக்கள் சொன்னார்கள்? வீட்டை விற்பதாக எழுதி, பணம் திரும்பினால் வீடும் திரும்பும் என்ற முறை. உஸ்மானியர்களின் சட்டத்தொகுப்பான மஜல்லாவும் ஏற்றதே.

ஆம், ஏற்றது. புகாரா, சமர்கந்து பக்கத்து உலமாக்கள் மக்களின் தேவையைப் பார்த்து அனுமதித்தார்கள். ஹள்ரமவ்த்தின் ஷாஃபிகளிடமும் பைஉல் உஹ்தா என்று இதே வகை புழங்கியது. ஹனஃபிகளிலேயே வேறு பலர், இது விற்பனைச் சட்டை போட்ட அடமானம், பலனை வாங்குபவர் சாப்பிடக்கூடாது என்றார்கள். ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் 1992இல் கூடாது என்றே தீர்மானித்தது. வீட்டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கொடுத்த தொகைதான் திரும்பும் என்பதால், அது கடனாகத்தான் எனக்குப் படுகிறது. உங்கள் உஸ்தாத் அனுமதிக்கும் கருத்தில் இருந்தால், வீட்டு ரிப்பேரும் வரியும் யார் தலையில் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலையும் இங்கே எழுதுங்கள், பேசுவோம்.