பார்லரில் தலை வெந்து போனது: 'அலர்ஜி' என்றால் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: பார்லரில் ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொண்டேன். கிரீம் தடவிய சில நிமிடங்களிலேயே உச்சந்தலை எரிந்தது. சொன்னேன். "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்குங்க" என்றார்கள். மறுநாள் கொப்புளம். இப்போது இரண்டு இடங்களில் முடியே இல்லை. கேட்டால், "உங்களுக்கு அலர்ஜி, ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்கிறார்கள். கட்டிய பணத்தை மட்டும் திருப்பித் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கேட்டால் வாங்காதீர்கள். அதில் கையெழுத்திட்டால், பிறகு வேறு எதையும் கேட்பது கடினம்.

அவர்களுடைய 'அலர்ஜி' வாதத்தை முதலில் பார்ப்போம். ஒவ்வாமை பெரும்பாலும் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ கழித்துத்தான் தெரியும்; அரிப்பும், கண் இமை, நெற்றி வீக்கமும் சேர்ந்து வரும். உங்களுக்கோ கிரீம் தலையில் இருக்கும்போதே எரிந்திருக்கிறது. காரத்தன்மை மிகுந்த கிரீம் தோலைச் சுட்டதற்கான அடையாளம் அது. ஆகவே தோல் மருத்துவரிடம் போய், எரிச்சல் எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லி, 'ரசாயனத் தீக்காயம்' என்பது அவர் முடிவானால் அதைக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்கில் உங்கள் முதல் ஆதாரம் அந்தத் தாள்தான். ஒவ்வாமை என்றே வைத்துக்கொண்டாலும், தயாரிப்பின் குறிப்பில் முன்கூட்டியே தோலில் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்து அவர்கள் அதைச் செய்யவில்லை என்றால், அதுவும் கவனக்குறைவே.

அப்புறம் அந்த ஃபார்ம். முடி கொஞ்சம் வறண்டு போகலாம் என்பது போன்ற வழக்கமான பாதிப்புகளுக்குத்தான் நீங்கள் சம்மதித்தீர்கள். எரிகிறது என்று சொன்ன பிறகும் கிரீமைக் கழுவாமல் விட்டதற்கு யாரும் முன்கூட்டிச் சம்மதிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவைக் குறைபாடு.

சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பார்லருக்குக் கட்டிய தொகை, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். பெரிய தொகை வரக்கூடிய இடம் முடி இழப்பு. தழும்பு விழுந்து முடியின் வேர் அழிந்திருந்தால் அங்கே மறுபடி முளைக்காது. இது சில மாதங்கள் கழித்தே உறுதியாகும். புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரப்பட்டுச் சமரசம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் தொகைக்குக் கணக்கு வேண்டும். தவறாக முடி வெட்டிய ஒரு வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்த 2 கோடி ரூபாயை 2023-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி விசாரிக்க அனுப்பியது. சேவையில் குறை இருந்தது என்பதை அது மறுக்கவில்லை. அந்தத் தொகைக்கு ஆதாரம் போதவில்லை என்றது. அதனால் மருந்து பில், விடுப்புக் கடிதம், தேதியோடு எடுத்த படங்கள் எதையும் தொலைக்காதீர்கள். ரசீது தரவில்லை என்றால் பணம் அனுப்பிய பதிவு போதும்.

இந்த வாரமே பார்லருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கிரீமின் பெயர், பேட்ச் எண் கேளுங்கள். சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். பல இடங்களில் அது சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். கிரீமிலேயே கோளாறு என்று தெரிந்தால் தயாரிப்பாளரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். பதில் சரியில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.