சராசரிக்கு முன் மூலமா, பின் மூலமா?

கேள்வி: சார், 1, 9 இரண்டின் வர்க்கமூலங்களைச் சராசரி எடுத்தால் 2. ஆனால் சராசரி 5-இன் மூலம் 2.236. ஏன் ஒத்துப்போகவில்லை?

பதில்: √x வளைகோட்டை வரைந்து, (1, 1), (9, 3) புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணையுங்கள். அந்த நேர்கோட்டின் நடு உயரம்தான் மூலங்களின் சராசரி. அதே x = 5-இல் வளைகோட்டின் உயரம், சராசரியின் மூலம். வளைகோடு போகப்போகத் தளர்ந்து ஏறும்: 1-லிருந்து 5 வரை 1.236, அப்புறம் 9 வரை 0.764தான். முதல் பாதியிலேயே அதிகம் ஏறிவிட்டதால் நடுவில் நேர்கோட்டுக்கு மேலே நிற்கிறது. இதுதான் குழிவு. x² இதற்கு எதிர், குவிவு. அங்கே நேர்கோடு மேலே நிற்கும். இதைப் பொதுவாக 1906-இல் நிறுவிய டென்மார்க்கின் யென்சனுக்கு வேலை ஒரு டெலிபோன் கம்பெனியில்!

கேள்வி: மூலம் எடுத்தால் எண் சிறுத்துவிடும், அதனால்தானே? அப்படியானால் 1-க்குக் கீழே மூலம் பெருகுமே, அங்கே தலைகீழாகிவிடுமா?

பதில்: ஆகாது. 0.04, 0.64 எடுங்கள். மூலங்கள் 0.2, 0.8, சராசரி 0.5. எண்களின் சராசரி 0.34, அதன் மூலம் 0.583. சிறுப்பதும் பெருப்பதும் காரணமில்லை, வளைவுதான்.

கேள்வி: √(a+b) என்பது √a + √b ஆகாது என்று பள்ளியில் படித்தோமே, அதுதானே இது?

பதில்: இல்லை. a, b இரண்டும் 4 என்றால் √8-உம் 2 + 2-உம் வேறுவேறு. ஆனால் சராசரிக் கணக்கில் இரண்டு வழியும் 2-தான். எண்கள் சிதறினால்தான் இடைவெளி வரும்.

கேள்வி: எங்கள் லேபில் ஒவ்வொரு பேட்சிலும் இரண்டே மாதிரிகள். n−1-ஆல் வகுத்துத் திட்ட விலக்கம் கண்டு, எல்லாவற்றையும் சராசரி எடுக்கிறோம். எப்போதும் குறைவாகவே வருகிறது. n−1 தப்பா?

பதில்: n−1 மேல் பழி போடாதீர்கள். 0, 2 சம வாய்ப்புள்ள மதிப்புகள் என்று வையுங்கள். உண்மையான திட்ட விலக்கம் 1. இரண்டு முறை எடுத்தால் (0,0), (0,2), (2,0), (2,2). n−1, அதாவது 1-ஆல் வகுத்தால், விலக்க வர்க்கச் சராசரி முறையே 0, 2, 2, 0. அவற்றின் சராசரி சரியாக 1. மூலம் எடுத்தபின் 0, 1.414, 1.414, 0, சராசரி 0.707. தவறு நுழைந்தது மூலத்தில்தான். எனவே முதலில் விலக்க வர்க்கச் சராசரிகளைச் சராசரி எடுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை மூலம். அப்போதும் கொஞ்சம் குறையும், ஆனால் பேட்ச் கூடக்கூட அது கரைந்துவிடும்.

கேள்வி: 0.798-ஆல் வகுத்தால் போதும் என்று என் சீனியர் சொல்கிறாரே?

பதில்: இயல்நிலைப் பரவலில் இரண்டு மாதிரிகளுக்கு அது சரி. மேலே நம் 0, 2 கணக்கில் 0.707 வேண்டியிருந்தது, பார்த்தீர்களா? பரவலின் வடிவம் மாறினால் எண்ணும் மாறும். உங்கள் அளவீடுகள் எந்த வடிவம் என்று பேட்சுக்கு இரண்டு மாதிரியை வைத்து என்னால் சொல்ல முடியாது.