எட்டுப் படத்தில் அம்மாவின் ஒரு நாள்

“அம்மா மதுரையில் பூக்கட்டி விற்கிறார். விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், பகலெல்லாம் வீட்டில் கட்டுவது, சாயங்காலம் கோயில் பக்கம் வியாபாரம். கல்லூரியில் ‘ஒரு நாள்’ என்ற தலைப்பில் எட்டுப் படம் கேட்டிருக்கிறார்கள். பூக்கூடையோடு அம்மா சிரிக்கிற ஒரு நல்ல படம் கையில் இருக்கிறது. மற்ற ஏழும் அதே படத்தைத் திருப்பித் திருப்பி எடுத்த மாதிரி வருகின்றன. போனில்தான் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?”

அந்தச் சிரிக்கிற படத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அம்மா யார் என்று அது சொல்லிவிடுகிறது. ஆனால் அது காலை பத்து மணிக்கு எடுத்ததா, மாலை ஐந்து மணிக்கு எடுத்ததா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நாளைச் சொல்ல வேண்டுமென்றால் படத்துக்குள் நேரம் நகர வேண்டும். அதனால் முதலில் தேட வேண்டியது, காலையிலிருந்து இரவுக்குள் எது மாறுகிறது என்பதைத்தான்.

உங்களுக்கு அது கைக்குள்ளேயே இருக்கிறது. மல்லியை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். விடியற்காலை மார்க்கெட்டில் அது இறுக மூடிய மொட்டு, அடியில் லேசான பச்சை. கட்டும்போதும் மொட்டுதான். பொழுது சாய்ந்த பிறகு விரிகிறது. இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. இன்னொன்று அளவு: பையில் உதிரியாக வந்த பூ சரமாகிறது, சரம் பந்தாகச் சுருள்கிறது, அந்தப் பந்து முழம் முழமாகக் குறைகிறது. எட்டில் ஐந்து படத்திலாவது பூவின் இந்த நிலையோ அளவோ தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் முழுக்க போனைப் பையில் வைத்துவிட்டு அம்மாவோடு நடங்கள். சின்ன நோட்டில் நேரம் மட்டும் குறியுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எங்கே நின்று விலை கேட்கிறார், எப்போது சாப்பிடுகிறார். அன்று இரவு அந்தக் குறிப்பில், பூ கைமாறுகிற இடத்தையும் உருமாறுகிற இடத்தையும் அடிக்கோடிடுங்கள். வாங்குவது, வீட்டுக்கு வருவது, கட்டுவது, விற்பது, மிஞ்சுவது என்று ஐந்து கிடைக்கும். அவைதான் கதையின் எலும்பு. இடம், முகம், வாங்கியவரோடு போகிற பூ என்று மூன்று சேர்த்தால் எட்டு.

முதல் படத்தை அம்மாவின் முகத்தில் தொடங்காதீர்கள். மார்க்கெட்டில் ஏதாவது படியிலோ திண்ணையிலோ ஏறி நின்று, மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே அம்மா சின்னதாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். இத்தனை பேரில் இவர் யார் என்ற கேள்வி பார்க்கிறவருக்கு வரட்டும். இரண்டாவது படம் அதற்குப் பதில்: குவியலுக்குள் கையை விட்டு அடிப்பூவை எடுத்துப் பார்க்கிறாரே, அந்தக் கை. முகம் இன்னும் வேண்டாம். மூன்றாவது படம், பெரும்பாலும் யாரும் எடுக்காதது: திரும்பி வருகிற பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ காலுக்கு நடுவே பை, ஜன்னலில் விடிகிற வெளிச்சம். அழகான படமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மார்க்கெட்டையும் வீட்டையும் இணைப்பது அது ஒன்றுதான்.

நான்காவது, கட்டுவது. இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் உட்காருங்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று மொட்டை வைத்து, நாரைச் சுற்றி இழுக்கிறார் இல்லையா, படம் இருப்பது அந்த இழுப்பில். நார் விறைப்பாக நிற்கும், விரல் நுனி வெளுத்திருக்கும், மொட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு அரை நொடி முன்னால் எடுத்தால் பூவைப் பிடித்திருக்கும் கை, அவ்வளவுதான். அம்மாவின் கை போகிற தாளம் பத்து நிமிடத்தில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். பிறகு இழுப்பு வருகிறது என்று தெரியும்போது பட்டனை அழுத்தியபடியே பத்துப் பதினைந்து படமாக எடுத்து, அதில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வாசலுக்குப் பக்கவாட்டில் அவரை உட்காரச் சொல்லலாம். அதுவும் அவர் வழக்கமாக உட்காருகிற இடத்திலிருந்து ஓரடி ஈரடிக்கு மேல் தள்ளாமல். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், மொட்டின் உருண்டை வடிவத்தைத் தட்டையாக்கிவிடும்.

ஐந்தாவதில்தான் முகம். மத்தியானம் இரண்டு, இரண்டரை மணிக்குக் கட்டி முடித்த சரம் ஈரத்துணிக்கு அடியில் இருக்கும்; அம்மா சுவரில் சாய்ந்திருப்பார், இல்லை தட்டோடு உட்கார்ந்திருப்பார். கேமராவைப் பார்க்காத முகமாக இருக்கட்டும். இதற்கு முன் நான்கு படம் வேலையைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு இந்தக் களைப்பு நன்றாகப் புரியும்.

ஆறாவது, விற்பனை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தை நீட்டி அளக்கிற நொடி. வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்தால் அவர் முகம் தேவைப்படாது, அனுமதிச் சிக்கலும் குறையும். ஏழாவது, வாங்கியவர் நடந்து போகும்போது பின்னாலிருந்து: கூந்தலில் பூ, இப்போது விரிந்த பூ. இரண்டாவது படத்தில் கைக்குள் மூடியிருந்த மொட்டு இங்கே திறந்திருக்கிறது. பார்க்கிறவர் தானாகவே இரண்டாவது படத்துக்குத் திரும்பிப் போவார்.

எட்டாவதை நான் சொல்ல மாட்டேன். மிஞ்சிய பூவை உங்கள் அம்மா என்ன செய்கிறார்? சாமி படத்துக்குப் போடுகிறாரா, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறாரா, நாளைய முதலுக்குப் பணத்தைத் தனியாக முடிந்து வைக்கிறாரா? அந்த வீட்டில் நிஜமாக நடப்பதுதான் முடிவு. காலிக்கூடையை வைத்து ஒரு படம் ஜோடித்தால் அது எல்லார் வீட்டுக்கும் பொருந்தும், உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் 1936 முதல் 1972 வரை வார இதழாக வந்த ‘லைஃப்’ பத்திரிகையின் படக்கதைகளை வைத்து ஒரு கணக்கு சொல்வார்கள்: இடத்தைக் காட்டும் தூரப் படம், நடுத்தூரம், நெருக்கம், முகம், இருவருக்கிடையே நடப்பது, ஒரு வேலையின் படிகள், மொத்தத்தையும் ஒன்றில் சொல்லும் படம், முடிவு என்று எட்டு. அதைப் படிவம் நிரப்புவது மாதிரி முன்கூட்டியே பிடித்துக்கொண்டு போக வேண்டாம். எடுத்து முடித்தபின் எந்தத் தூரம் விட்டுப்போயிற்று என்று சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் இடுப்பளவுப் படமாகவே இருப்பதுதான் உங்களுக்கு இப்போது வந்திருக்கும் தொல்லை என்று நினைக்கிறேன்.

போனில் இரண்டு விஷயம் படுத்தும். வெள்ளைப் பூ முதலாவது. இருட்டுப் பின்னணியைப் பார்த்து போன் வெளிச்சத்தை ஏற்றிவிடும், பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். திரையில் பூவின் மேல் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள், இதழின் ஓரம் தெரிகிறவரை. படம் சற்று இருட்டாக வந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இதழைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டாவது, மார்க்கெட் விளக்கு. சில விளக்குகளுக்கு அடியில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டுக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. போனில் ‘புரோ’ முறை இருந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வையுங்கள், கோடு மறைந்துவிடும். அங்கே நைட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். அது பல நொடிகளின் வெளிச்சத்தைச் சேர்த்து எடுப்பதால் கை எல்லாம் புகையாகிவிடும்.

ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதல் தடவை ஒரு டீக்கடையின் நாளை எடுக்கப் போனேன். அதிகாலை நான்கு மணிக்குப் போய், ஆவி, அடுப்பு, பால் என்று ஒன்பது மணிக்குள் நானூறு படம் எடுத்துவிட்டேன். சார்ஜும் போயிற்று, ஆர்வமும் போயிற்று. சாயங்காலத்துக்கு நான்கே நான்கு படம், அதிலும் இரண்டு ஆட்டம். தேர்ந்தெடுத்த எட்டும் காலை ஒன்பதுக்கு முந்தியவையாகவே இருந்தன. அதன்பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் முப்பது படத்துக்கு மேல் இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பவர் பேங்கும் கூடவே வரும்.

இரண்டு மூன்று நாள் முழுசாக எடுத்துவிட்டு, அதில் எட்டும் நன்றாக அமைந்த ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை மார்க்கெட்டையும் வெள்ளிக்கிழமை கோயிலையும் ஒட்டவைத்து ‘ஒரு நாள்’ என்று கொடுக்காதீர்கள். சேலை மாறியிருக்கும், அதை யாரும் கவனிக்காமல் போனாலும் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும்.

தேர்வை போன் திரையில் செய்ய வேண்டாம். நாற்பது படத்தை ஸ்டுடியோவில் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு வாங்கித் தரையில் பரப்புங்கள். எட்டை வரிசையாக வைத்து, அம்மாவைத் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு அவர் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கக் கூடாது. அவர் தடுமாறி நிற்கிற இடத்தில் ஒரு படம் குறைகிறது. அடுத்தடுத்த இரண்டு படத்துக்கு ஒரே வாக்கியத்தைச் சொன்னால் ஒன்று போக வேண்டும். அப்புறம் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றி வைத்து, அதைச் சொல்லாமல் இன்னொருவரிடம் காட்டுங்கள். எதுவும் உறுத்தவில்லை என்றால் அந்த இரண்டு படத்திலும் நேரம் இல்லை என்று அர்த்தம். பூவின் நிலை தெரிகிற வேறு படத்தை அங்கே வையுங்கள். அந்தச் சிரிக்கிற படத்தையும் இதே தரையில் வைத்துப் பாருங்கள். எட்டில் எந்த இடத்திலும் அது உட்காரவில்லை என்றால் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுங்கள், தொடரில் சேர்க்காதீர்கள்.

படத்துக்குக் கீழே நேரமும், படத்தில் தெரியாத ஒரு தகவலும் போதும். ‘காலை 4.20. இன்று இரண்டு கிலோ வாங்கினார்’ என்கிற மாதிரி. ‘உழைக்கும் தாய்’ என்றெல்லாம் எழுத வேண்டாம்.

கடைசியாக, கல்லூரியில் கொடுப்பதற்கு முன் தரையில் பரப்பிய எட்டையும் அம்மாவிடம் காட்டுங்கள். காலையில் மல்லியாக இருந்தது மாலைப் படத்தில் பிச்சியாக இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். எந்தப் படம் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் எடுத்துவிடுங்கள். நாற்பதில் மிச்சம் முப்பத்திரண்டு இருக்கிறது.