வணக்கத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் அண்மையில் ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றேன். தினமும் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் 'காலை வணக்கம்.' என்று போடுவேன். பள்ளியில் கற்றபடி முற்றுப்புள்ளியும் வைப்பேன். என்னைவிட இளையவர் ஒருவர், 'அக்கா, எங்க மேல ஏதும் கோபமா?' என்று கேட்டுவிட்டார். ஆச்சரியக்குறி போட்டால் எனக்கே நடிப்பு மாதிரி இருக்கிறது. எமோஜி போட்டால் மரியாதை குறையுமோ என்று தயக்கம். ஒரு வணக்கத்துக்குப் பின்னால் என்னதான் வைப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தம்பி கேட்டதில் தப்பில்லை. உங்கள் இலக்கணத்திலும் தப்பில்லை. தாளில் ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த வாக்கியம் நிற்கிறது. இரண்டையும் பிரிக்கப் புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்தியும் தனிக் கட்டத்துக்குள் வருகிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே வாக்கியம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் ஒரு புள்ளி நின்றால், வேலையே இல்லாத இடத்தில் இது ஏன் நிற்கிறது என்று படிப்பவர் மனம் காரணம் தேடுகிறது. குரலை இறக்கி, பேச்சை முடித்துக்கொள்வதுபோல அது கேட்கிறது.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2015 இறுதியில் முடிவு வெளிவந்தது. 126 மாணவர்களிடம் சிறு உரையாடல்களைக் கொடுத்தார்கள். ஒருவர் எங்கோ வரச் சொல்லி அழைக்கிறார், மற்றவர் 'சரி' என்பதுபோல ஒற்றைச் சொல்லில் பதில் தருகிறார். குறுஞ்செய்தியாகப் படித்தபோது, புள்ளி வைத்த பதிலில் மனப்பூர்வம் குறைவு என்று மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டாகக் காட்டியபோது புள்ளியால் வித்தியாசம் எதுவும் இல்லை. குறுஞ்செய்தியிலும் இடைவெளி பெரிதல்ல. படித்தவர்கள் எல்லோரும் மாணவர்கள், மொழியும் ஆங்கிலம் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் குறி ஒன்றே, இடம் மாறினால் பொருள் மாறுகிறது என்பது தெளிவு.

ஒற்றைச் சொல், இரட்டைச் சொல் செய்திகளில்தான் இந்தத் தொல்லை. 'காலை வணக்கம். நேற்றைய அறிக்கையைப் படித்தேன், நன்றாக வந்திருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள். முதல் புள்ளிக்கு இப்போது வேலை இருக்கிறது, யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஆச்சரியக்குறி நடிப்பாகத் தோன்றுவதற்கு அதன் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆச்சரியப்பட ஒன்றுமில்லாத இடத்தில் எதற்கு என்று கை கூசுகிறது. நூலகத் துறையினர் தங்களுக்குள் எழுதிய மின்னஞ்சல்களில் வந்த ஆச்சரியக்குறிகளை கரோல் வாசெலெஸ்கி என்பவர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். பரபரப்பைக் காட்டியவை குறைவு. நட்பைக் காட்டவும் ஒரு தகவலை அழுத்திச் சொல்லவும்தான் பெரும்பாலும் பயன்பட்டிருந்தன. எனவே ஒன்று போடுவது நடிப்பாகாது. சிக்கல் வேறு இடத்தில். தினமும் 'காலை வணக்கம்!' என்று போட்டுப் பழகிவிட்டால் அதுவே உங்கள் சாதாரணக் குரலாகிவிடும். ஒரு நாள் அவசரத்தில் குறியை விட்டுவிட்டால் அன்றைக்குத்தான் 'என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். அதைச் சமாளிக்க இரண்டு, மூன்று என்று கூட்டினால் விலைவாசி மாதிரி ஏறிக்கொண்டே போகும், இறக்க முடியாது. படிப்பவர் ஒப்பிடுவது உங்களை உங்களோடுதான்.

இதனால்தான் நீண்ட நாள் பழகியவரிடமிருந்து வரும் 'சரி.' நம்மை ஒன்றும் செய்வதில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். நீங்கள் குழுவுக்குப் புதியவர், அதிலும் பொறுப்பில் இருப்பவர். ஒப்பிட அவர்களிடம் பழைய செய்திகள் இல்லாததால் அந்தப் புள்ளியையே துருவிப் பார்க்கிறார்கள்.

எமோஜி பற்றிய உங்கள் தயக்கம் பாதி சரி. அறிமுகமில்லாத ஒருவருக்கு அனுப்பும் முதல் அலுவலக மின்னஞ்சலில் சிரிப்புக் குறி போட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஆய்வு 2017இல் வந்தது. எழுதியவர் கூடுதல் அன்பானவராகத் தெரியவில்லை. திறமை குறைந்தவராகத் தெரிந்தார். புகைப்படத்தில் உண்மையாகச் சிரித்தவருக்கு அந்த நஷ்டம் இல்லை. உங்கள் குழு அந்நியர்கள் அல்ல, அதனால் தாராளமாகப் போடலாம். 🙂 இதை மட்டும் தவிர்ப்பேன். வாய் மட்டும் வளைந்து கண் சும்மா இருக்கும் அந்த முகத்தை இளையவர்கள் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதாகவே படிக்கிறார்கள். 😊 இதில் கண்ணும் சிரிக்கிறது, கன்னமும் சிவந்திருக்கிறது. குழப்பம் குறைவு.

நானாக இருந்தால் குறி எதுவும் இல்லாமல் 'காலை வணக்கம்' என்று விடுவேன். தனியாக ஒருவருக்கு அனுப்பும்போது பெயரைச் சேர்ப்பேன். பெயர் செய்கிற வேலையை எந்தக் குறியும் செய்வதில்லை.

அப்புறம், புள்ளியை எடுக்கிறேன் என்று மூன்று புள்ளிக்குப் போய்விடாதீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு 'காலை வணக்கம்...' என்பது பேச்சை இழுத்து விடுவது, மேலே பேசலாம் என்று பொருள். இளையவர்களுக்கு அது சொல்லாமல் விழுங்கிய ஏதோ ஒன்று. ஒற்றைப் புள்ளிக்குக் கோபமா என்று கேட்டவர், மூன்றைப் பார்த்தால் கேட்கக்கூட மாட்டார்.