சும்மா வந்த காயினுக்கு அடக்க விலை உண்டா?

கேள்வி: 100 டாலர் வீதம் 10 கிரிப்டோ காயின் வாங்கி ஸ்டேக்கிங்கில் போட்டேன். வெகுமதியாக இன்னொரு காயின் சேர்ந்தது. அதுபோக ஒரு ஏர்டிராப்பில் 200 டோக்கன் இலவசமாக வந்தது. எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். சும்மா வந்தவற்றுக்கு அடக்க விலை பூஜ்யம் என்று போடலாமா?

பதில்: போட்டால் லாபம் தப்பாக வரும். வெகுமதி கைக்கு வந்த அன்றே அது வருமானம். அந்த வருமானத்தைக் கொடுத்து அதே காயினை அன்றைய விலைக்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைதான் அடக்கம்.

உங்கள் வெகுமதி இரண்டு தவணையாக வந்தது என்று வைப்போம்: பாதி காயின் விலை 120 ஆக இருந்தபோது, மீதிப் பாதி 80 ஆக இருந்தபோது. வருமானம் 60, 40, ஆக 100 டாலர். மொத்த அடக்கம் 1,100. பதினொன்றையும் 150 வீதம் விற்றால் 1,650, லாபம் 550. பூஜ்யம் என்று போட்டால் லாபம் 650 என்று காட்டும். ஏற்கெனவே வருமானமாக எழுதிய 100 டாலர் இரண்டாம் முறையும் உள்ளே வந்துவிடுகிறது.

ஏர்டிராப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். டோக்கன் 50 சென்ட் இருந்தபோது வந்து, 20 சென்டுக்கு விற்றிருந்தால், வருமானம் 100, விற்பனையில் நஷ்டம் 60. பூஜ்யக் கணக்கு இதையே 40 டாலர் லாபம் என்று சொல்லும்!

சில நாடுகளில் ஏர்டிராப்பை வந்த அன்று வருமானமாக எடுப்பதில்லை. அங்கே வரிப் படிவத்துக்கு அந்த ஊர் விதிப்படிதான் அடக்கம்.

சரி, 'வந்த நாள்' எது? அறிவித்த நாள் இல்லை, நீங்கள் நினைத்தால் விற்கக்கூடிய நிலைக்கு வந்த நாள். கிளெய்ம் செய்து எடுக்க வேண்டிய ஏர்டிராப் என்றால் பெரும்பாலும் கிளெய்ம் செய்த நேரம். பிளாக்செயின் எக்ஸ்புளோரரில் அந்தப் பரிவர்த்தனையின் நேரத்தைப் பார்த்து, அப்போதைய விலையோடு எழுதுங்கள். பல தளங்களின் நேரம் UTC-யில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி வந்த வெகுமதி உங்கள் ஊர்க் கணக்கில் வேறு தேதியில் விழலாம். ஒரே நாளில் விலை ஏறி இறங்கும் டோக்கனுக்கு, நாளின் முடிவு விலையா வந்த நேரத்து விலையா என்று ஒன்றை முடிவுசெய்து ஆண்டு முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

நிறைய பேர் கோட்டைவிடுவது, ஈத்தரை ஸ்டேக்கிங்கில் போட்டதற்கு ஈடாகக் கிடைக்கும் stETH போன்ற டோக்கன்களில். அங்கே வெகுமதி தனிப் பரிவர்த்தனையாக வருவதில்லை; வாலட்டில் இருப்பு மட்டும் மெல்லக் கூடும். இறக்கிய பரிவர்த்தனைப் பட்டியலில் எதுவும் தெரியாது. அதனால் மாதக் கடைசியில் வாலட்டில் இருக்கும் எண்ணிக்கையையும் உங்கள் ஏட்டில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். வாலட்டில் 10.04, ஏட்டில் 10 என்றால், அந்த 0.04 இன்னும் பதிவாகாத வெகுமதி.