இடிதாங்கி இருந்தும் டிவி ஏன் எரிந்தது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் ஒருவர், எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.

வேலந்தாவளம்: அண்ணா, மாடி வீடு, இடிதாங்கி இருக்குது. போன வாரம் சாயங்காலம் இடி விழுந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் மூணும் போச்சு. இடிதாங்கி வேலை செய்யலையா?

வேலை செய்ததால்தான் தம்பி, சுவர் தப்பியது. மின்னலுக்கு வீட்டின் உச்சியில் ஒரு முனையையும், அங்கிருந்து மண்ணுக்கு ஒரு நல்ல வழியையும் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்த வழி இல்லாவிட்டால் மின்னல் செங்கல், ஈரச் சுவர், ஜன்னல் கம்பி என்று தானே வழி தேடிக்கொள்ளும். போகும் இடத்தில் ஈரம் ஒரு நொடியில் ஆவியாகிச் சுவர் தெறிக்கும். டிவியைக் காப்பது வேறு வேலை. இரண்டு விஷயம் சொல்லுங்கள். டிஷ் எங்கே மாட்டியிருக்கிறது? எர்த் குழி எத்தனை?

வேலந்தாவளம்: டிஷ் அந்த இடிதாங்கி பைப்பிலேயேதான். மாட்ட வந்த பையன் கிளாம்ப் போட வசதியா இருக்குதுன்னு போட்டான். குழி ரெண்டு. இடிதாங்கிக்குப் பின்னால் கிணத்தடியில் ஒண்ணு, வீட்டு எர்த் முன்னால் மீட்டர் பக்கம். நடுவில் நாற்பது அடி இருக்கும்.

அங்கேதான் வந்தது வினை. சாதாரணமாக ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் வரும். உங்கள் கிணற்றடிக் குழி 10 ஓம் என்று வைப்போம், நம் பக்கத்துப் பாறை மண்ணுக்கு அது நல்ல குழிதான். இரண்டையும் பெருக்கினால் 3 லட்சம் வோல்ட். அதாவது அந்தக் கண நேரத்துக்குக் கிணற்றடி எர்த்தும், அதோடு சேர்ந்த கம்பியும் பைப்பும் டிஷ்ஷும் அவ்வளவு வோல்டேஜில் நிற்கும். மீட்டர் பக்கத்து எர்த் அப்படி ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது? டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள், செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ வயர், டிவி, அதன் மூன்று பின் பிளக். மின்னலில் ஒரு சிறு பங்கு அந்த வழியாகத் தாண்டியது. டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள், பவர் போர்டைவிட எச்டிஎம்ஐ சாக்கெட் பக்கம்தான் அதிகம் கருகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை, டிஷ்ஷைக் கழற்றி, இடிதாங்கி முனைக்கு நன்றாகக் கீழே, இறங்கும் கம்பியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். அப்புறம் இரண்டு குழியையும் வெளியில், மண்ணுக்கடியில், தடித்த ஜிஐ பட்டை போட்டு இணைக்க வேண்டும். ஏறினால் வீட்டில் எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். வித்தியாசம் இருந்தால்தானே எரியும்?

கொழிஞ்சாம்பாறை (எலக்ட்ரீஷியன்): ரெண்டு எர்த்தையும் சேர்க்கவே கூடாது, மின்னல் வீட்டுக்குள் வந்துடும்னுதான் நான் தொழில் பழகினேன். நீங்க தலைகீழாச் சொல்றீங்களே?

நீங்கள் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. இடிதாங்கிக் கம்பியை வீட்டு போர்டுக்குள் கொண்டுவந்து எர்த் பாரில் முடுக்கினால் அது கொலைபாதகம். இணைப்பு வெளியில், மண் மட்டத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வீட்டு எர்த் ஏறும்போது பேஸும் நியூட்ரலும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துத் தாழ்ந்த வோல்டேஜிலேயே நிற்கும். அப்போது எர்த்திலிருந்து பேஸுக்குத் தாவும். அதனால் குழிகளைச் சேர்க்கும் வீட்டில் மெயின் போர்டில், வோல்டேஜ் எகிறும் கணத்தில் பேஸையும் எர்த்தையும் இணைத்துவிடும் சர்ஜ் அரெஸ்டர் கட்டாயம். இடிதாங்கி உள்ள வீட்டுக்கு டைப் 1, அல்லது 1-ம் 2-ம் சேர்ந்தது கேட்டு வாங்குங்கள்.

அதை மாட்டும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அழகுக்காக வயரைச் சுற்றி வளைத்துக் கட்டுவார்கள். மின்னல் வேகத்தில் ஒரு மீட்டர் வயரே ஏறக்குறைய ஆயிரம் வோல்ட் தாங்கி நிற்கும். அந்த ஆயிரமும் அரெஸ்டர் விட்டுவைத்ததோடு சேர்ந்து உங்கள் ஃபிரிட்ஜுக்குப் போகும். பேஸிலிருந்து அரெஸ்டர், அரெஸ்டரிலிருந்து எர்த் பார், இரண்டும் கூட்டி அரை மீட்டருக்குள் முடியுங்கள். முகப்பில் பச்சை ஜன்னல் சிவப்பானால் அது செத்துவிட்டது, மாற்றுங்கள்.

எருத்தேம்பதி: எங்க வீட்டு எர்த்தை 100 வாட்ஸ் பல்பு போட்டுப் பார்த்தாங்க. பளிச்னு எரிஞ்சது. போதும்தானே?

போதாது. அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. எர்த் 50 ஓம் இருந்தாலும் 20 வோல்ட் போலத்தான் குறையும், பல்பு எரியும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எர்த் டெஸ்டர் வேண்டும், தள்ளித் தள்ளி இரண்டு முளை அடித்து அளப்பார்களே, அது. இடிதாங்கிக் குழிக்கு 10 ஓமுக்குள் வர வேண்டும். அளப்பதை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மண்ணில் எல்லாக் குழியும் நன்றாகத்தான் காட்டும். நமக்குக் கோடை இடி வருவதே மண் காய்ந்து கிடக்கும் மாதத்தில். உப்பும் கரியும் கொட்டினால் சில மாதம் நன்றாக இருக்கும், பிறகு உப்பு கரைந்து போய் பைப்பைத்தான் அரிக்கும். பென்டோனைட் களிமண் போடுங்கள்.

முதலமடை: குழியில் உப்புப் போடச் சொல்றீங்க. பக்கத்திலேயே மாமரம் இருக்குது, பட்டுப்போகாதுங்களா?

போட வேண்டாம் என்றுதான் சொன்னேன் ஐயா! மரத்தைவிட எனக்குக் கவலை, அது வீட்டை ஒட்டி நிற்கிறதா என்பது. மரத்தில் விழுந்த மின்னல் பக்கத்துச் சுவருக்குத் தாவும். வீட்டைவிட உயரமாக நிற்கும் தென்னைக்கும் இதே கதைதான். வீட்டுக் கூரையில் இடிதாங்கி வைத்தாலும் மரத்துக்கு அது காவல் இல்லை.

மேனோன்பாறை: இ.எல்.சி.பி. இருந்தால் இடிக்குப் பயமில்லைன்னு கடைக்காரர் சொன்னார்.

அது ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது கரண்டை வெட்ட. மின்னல் மைக்ரோ செகண்ட் கணக்கில் வந்து போய்விடும், இ.எல்.சி.பி. விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மாட்டி வையுங்கள், ஆனால் இதற்காக அல்ல.

சித்தூர்: இடி இடிக்கும்போது அம்மா கண்ணாடியைத் துணி போட்டு மூடுறாங்க, செல்போனை அணைக்கச் சொல்றாங்க. பாத்திரம் கழுவுறதை மட்டும் நிறுத்த மாட்டேங்கிறாங்க!

சரியாகத் தலைகீழாக இருக்கிறது. கண்ணாடி மின்னலை இழுக்காது. சார்ஜில் இல்லாத செல்போனில் தாராளமாகப் பேசலாம். சார்ஜரில் மாட்டியபடி பேசுவதும், வயர் போன் பேசுவதும்தான் கூடாது. தண்ணீரைத் தொடும் வேலை, குளியல், பாத்திரம், துணி எல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். இரும்புக் குழாயும் மோட்டார் லைனும் மின்னலை உள்ளே கொண்டுவரும். பிவிசி குழாய் என்றால் ஆபத்து குறைவு, ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கிறதே. ஜன்னல் கம்பியைப் பிடித்து மழை பார்ப்பதும், கம்பி கட்டிய கான்கிரீட் சுவரில் சாய்வதும் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்குவது இடி தொலைவில் இருக்கும்போதே. சுவிட்சை அணைத்தால் போதாது, உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டும். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் மூன்று நொடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் வந்துவிட்டால் பிளக்கையும் தொடாதீர்கள், டிவி போனால் போகட்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். யாருக்காவது அடிபட்டால் உடனே தொட்டுத் தூக்கலாம், உடம்பில் கரண்ட் தங்காது. மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கோவிந்தாபுரம்: ஒரே கம்பி, 100 மீட்டர் சுற்றளவு காக்கும்னு ஒரு கம்பெனிக்காரர் விலை சொல்லியிருக்கார். வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். நம் நாடு ஏற்றுக்கொண்ட ஐ.இ.சி. 62305 மின்னல் பாதுகாப்பு விதிமுறையில் அந்தக் கூடுதல் தூரத்துக்கு இடமில்லை. கம்பி எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. அந்தப் பணத்தில் கூரை மூலைகளில் இரண்டு மூன்று சாதாரண முனை வைத்து, எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கம்பி இறக்கலாம்.

வேலந்தாவளம்: அண்ணா, பட்டை போடும்போது கிணத்தடியில் இருக்கிற போர்வெல் இரும்புக் கேசிங்கையும் சேர்க்கணுமா?

சேர்க்கத்தான் வேண்டி வரும். ஆனால் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு லைன் எங்கிருந்து வருகிறது, அங்கே தனி அரெஸ்டர் வைக்க இடம் உண்டா என்று பார்க்காமல் கையை வைக்கச் சொல்ல மாட்டேன். குழியை அளக்க வரும்போது கேசிங்கையும் அளந்து பார்ப்போம்.